நான்கு வாரத்தில் ஒரு கிராம்

வயது 23, முதல் கர்ப்பம், கர்ப்பத்துக்கு முன் எடை 50 கிலோ. 26-ஆவது வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது ஹீமோகுளோபின் 8.6. அதாவது 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 8.6 கிராம். தினம் இரண்டு சிவப்பு மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். 30-ஆவது வாரத்தில் மறுபடி பார்த்தால் 8.9.

இது எந்தத் தனிப்பட்ட பெண்ணின் கதையும் அல்ல. கர்ப்பிணிகளின் அட்டைகளில் அடிக்கடி காணக் கிடைக்கும் எண்களைக் கொண்டு நான் அமைத்துக்கொண்ட உதாரணம். இந்த இடத்தில் பலர் சொல்லும் பதில், "பரவாயில்லை, ஏறியிருக்கு, அதையே தொடருங்க" என்பதுதான். கர்ப்பகால ரத்தசோகையில் நம்மைத் தோற்கடிக்கும் வாக்கியம் இதுதான் என்பது என் கருத்து. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கும் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை இருந்தது. மாத்திரை கிடைக்காத மாநிலமல்ல இது. கொடுத்த மாத்திரை வேலை செய்ததா என்று நான்கு வாரம் கழித்துக் கேட்பதில்தான் நாம் சுணங்குகிறோம்.

8.6-லிருந்து 8.9 ஏறியது போதாது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அதற்குக் கர்ப்பம் எவ்வளவு இரும்பு கேட்கிறது என்று தெரிய வேண்டும்.

முழுக் கர்ப்பத்துக்கும் ஏறத்தாழ 1000 மில்லிகிராம், அதாவது ஒரே ஒரு கிராம் இரும்பு தேவை. அதில் 300 குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் போகிறது. 500 தாயின் உடலில் புதிதாகப் பெருகும் சிவப்பணுக்களுக்கு. மிச்சம் 200, தோலிலும் குடலிலும் அன்றாடம் உதிரும் செல்களோடு போய்விடும் வழக்கமான இழப்பு. ஒன்பது மாதத்துக்கு ஒரு கிராம் என்றால் பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் தேவை சீராக வருவதில்லை. முதல் மூன்று மாதத்தில் மாதவிடாய் இல்லாததால் நாளுக்கு 1 மில்லிகிராம்கூடத் தேவைப்படாது. கடைசி மூன்று மாதத்தில் அதுவே 6 மில்லிகிராமைத் தாண்டிவிடும். நம் சோற்றுச் சாப்பாட்டில் இருக்கும் இரும்பில் குடல் எடுத்துக்கொள்வது சிறு பங்குதான் என்பதால் அந்த 6 மில்லிகிராமைத் தட்டிலிருந்து மட்டும் பெற முடியாது. மாதுளை சாப்பிட்டால் ரத்தம் ஊறும் என்று வீட்டில் அன்போடு உரித்துக் கொடுப்பார்கள். 100 கிராம் மாதுளை முத்துக்களில் அரை மில்லிகிராம் இரும்புகூடக் கிடையாது; சிவப்பு நிறம் மட்டுமே அதன் புகழுக்குக் காரணம். கீரை, பருப்பு, ஈரல், மீன் எல்லாம் நல்லவைதாம். ஆனால் ரத்தசோகை வந்தபின் அவற்றை மட்டும் நம்பியிருக்கக் கால அவகாசம் இல்லை.

இதோடு இன்னொன்றும் நடக்கிறது. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதிக்குப் பாதி கூடிவிடும், சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடாது. அதனால் ஆரோக்கியமான பெண்ணுக்கும் நடு மாதங்களில் ஹீமோகுளோபின் சற்று இறங்கும். உலக சுகாதார நிறுவனம் கர்ப்பிணிக்கு 11-ஐ எல்லையாக வைத்து, நடு மூன்று மாதங்களுக்கு மட்டும் 10.5 வரை விட்டுக்கொடுப்பது இதனால்தான். ஆனால் 8.6 என்பதை நீர்த்துப்போனதால் வந்த இறக்கம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. 7-க்கும் 10-க்கும் இடைப்பட்டதால் அது மிதமான ரத்தசோகை.

இப்போது மாத்திரைக் கணக்கு. அரசு தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. ரத்தசோகை இல்லாதவர்களுக்கு நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று, ரத்தசோகை இருந்தால் தினம் இரண்டு. இரண்டு மாத்திரையில் 120 மில்லிகிராம். அதில் பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும் என்று வைத்துக்கொண்டாலும் நாளுக்கு 12. நான்கு வாரத்தில் 336 மில்லிகிராம். இதே நான்கு வாரத்தில் கர்ப்பம் தன் பங்காக நாளுக்கு 6 வீதம் 168-ஐ எடுத்துக்கொள்ளும். மிச்சம் 168.

50 கிலோ எடையுள்ள பெண்ணின் ஹீமோகுளோபின் 1 கிராம் ஏற ஏறத்தாழ 120 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஆகவே மிச்சமிருக்கும் 168 மில்லிகிராமுக்கு ஒரு கிராமுக்கு மேலேயே ஏறியிருக்க வேண்டும். தோராயமான கணக்குதான், உடல் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளாது. ஆனாலும் ஒரு மாதத்தில் குறைந்தது 1 கிராம் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. இந்திய அரசின் ரத்தசோகை ஒழிப்புத் திட்டமும், ஒரு மாதத்தில் 1 கிராம்கூட ஏறவில்லை என்றால் மேல்மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்கிறது.

நம் பெண்ணுக்கு ஏறியது 0.3. அதையும் ஏற்றம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரு முறை விரலில் குத்திக் கையடக்கக் கருவியிலும், அடுத்த முறை நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகக் கருவியிலும் பார்த்தால் இந்த அளவு வித்தியாசம் சும்மாவே வரும். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு மாறும். முதலில் பார்த்த முறையிலேயே மறுமுறையும் பார்ப்பது நல்லது. அதற்கு வழியில்லை என்றால் எந்த முறை என்பதை அட்டையில் எழுதியாவது வைக்க வேண்டும்.

சேர வேண்டிய இரும்பு ஏன் சேரவில்லை? இதற்கு விடை பெரும்பாலும் பரிசோதனைக் கூடத்தில் இல்லை, வீட்டில் இருக்கிறது. காலி அட்டைகளோடு மீதி மாத்திரைகளையும் எடுத்துவரச் சொல்லி எண்ணிப் பார்க்கும் செவிலியர்கள் உண்டு. எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான சோதனை இல்லை. நான்கு வாரத்துக்கு 56 மாத்திரை. நம் உதாரணப் பெண்ணிடம் 18 மீதி இருக்கிறது. பிறகு பேச்சு இப்படிப் போகும்:

"மாத்திரையை எப்பம்மா போடுறீங்க?"

"ராத்திரி பால் குடிக்கறப்ப ரெண்டையும் சேத்துப் போட்டுக்குவேன் சிஸ்டர். கால்சியம் மாத்திரையும் அப்பவே. தனித்தனியா வெச்சா மறந்துடுது."

"தினமும் போடுறீங்களா?"

"மலம் கட்டிக்கிச்சுன்னா ரெண்டு மூணு நாள் விட்டுடுவேன். இது போட்டா பிள்ளை கறுப்பாப் பொறக்கும்னு அத்தை வேற சொல்றாங்க."

மூன்று பதிலிலும் காரணம் இருக்கிறது. பாலும் கால்சியம் மாத்திரையும் இரும்பு குடலில் ஏறுவதைத் தடுக்கும், தேநீரும் காபியும் அப்படித்தான். அசிடிட்டிக்குப் போடும் மாத்திரையும் இரும்பு ஏறுவதைக் குறைக்கும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது இருக்க வேண்டும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் கழித்தோ, எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். வெறும் வயிற்றில் குமட்டினால் சாப்பாட்டோடு போடலாம். சேருவது குறையும் என்றாலும் மாத்திரையை நிறுத்துவதைவிட அது மேல். மலம் கறுப்பாகப் போவது ரத்தம் அல்ல, உடலில் சேராத இரும்பு. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், நார்ச்சத்து, தேவைப்பட்டால் மருத்துவர் தரும் மலமிளக்கி. குழந்தையின் நிறம் பெற்றோரிடமிருந்து வருவது. மாத்திரைக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதை மருமகளிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை, அத்தையும் பக்கத்தில் இருக்கும்போது சொல்ல வேண்டும்.

இரண்டு மாத்திரைக்குப் பதில் நான்கு போட்டால் சீக்கிரம் ஏறாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஏறாது. கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் குடலின் வாசலில் காவல் நிற்கிறது. பெரிய அளவில் இரும்பு வந்ததும் ஹெப்சிடின் கூடி, அடுத்த ஒரு நாள்வரை கதவைப் பாதி சாத்திவிடும். இரும்புச்சத்து குறைந்த, ஆனால் கர்ப்பிணியல்லாத பெண்களிடம் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்தபோது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கு உடலில் சேர்ந்தது. கர்ப்பத்தின் பிற்பாதியில் ஹெப்சிடின் தானாகவே குறைந்திருப்பதால் இந்த முடிவை அப்படியே கர்ப்பிணிக்குப் பொருத்திவிட முடியாது. அரசுத் திட்டம் தினசரி மாத்திரையையே வைத்திருக்கிறது. ஆனால் தினம் போட்டால் வாந்தி தாங்கவில்லை என்று மாத்திரையையே தூக்கிப் போட்ட பெண்ணுக்கு, ஒருநாள் விட்டு ஒருநாள் என்பது மருத்துவரோடு பேசி எடுக்கக்கூடிய நல்ல சமரசம்.

நம் பெண்ணுக்கு இப்போது 30 வாரம். அவர் 18-ஆவது வாரத்தில் இருந்திருந்தால், மாத்திரை போடும் முறையைத் திருத்திவிட்டு இன்னும் நான்கு வாரம் பார்க்கலாம் என்பேன். இப்போது திருத்திவிட்டுக் காத்திருந்தால் அடுத்த சோதனை 34-ஆவது வாரத்தில். அதிலும் ஏறாவிட்டால் கையில் இருப்பது ஐந்தாறு வாரம். மாத்திரையா ஊசியா என்ற கேள்விக்கு ரத்த அளவை மட்டும் பார்த்து விடை சொல்வதில்லை. பிரசவத்துக்கு எத்தனை வாரம் மீதி இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். தாமதமாகக் கண்டுபிடித்தவர்கள், மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள், போட்டும் ஏறாதவர்கள், 7-க்குக் கீழே போனவர்கள் ஆகியோருக்கு நரம்பு வழி இரும்பு பொருந்தும்.

ஊசிக்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: இது இரும்புக் குறைபாடுதானா? சாதாரண முழு ரத்த அணு எண்ணிக்கைச் சோதனையே பாதி விடை தரும். இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும், எண்ணிக்கையும் குறையும். தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களுக்கு அணுக்கள் சிறுத்திருக்கும், எண்ணிக்கை மட்டும் குறையாது. அணுவின் சராசரிக் கொள்ளளவை எண்ணிக்கையால் வகுத்தால் 13-க்குக் கீழே வருகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். நம் பெண்ணுக்குக் கொள்ளளவு 72, எண்ணிக்கை 38 லட்சம். 72-ஐ 3.8-ஆல் வகுத்தால் 19. இது இரும்புக் குறைபாட்டின் பக்கம். 68-ம் 54 லட்சமும் வந்திருந்தால் விடை 12.6, அப்போது தலசீமியாச் சோதனைக்கு அனுப்ப வேண்டும், கணவருக்கும் சேர்த்து. நீலகிரிப் பழங்குடியினரிடையே அரிவாள் செல் நோய் இருப்பது 1952-லேயே தெரியவந்த விஷயம் என்பதால் அங்கே அந்தச் சோதனையும் உண்டு. அணுக்கள் சிறுக்காமல் பெருத்திருந்தால் பி12, ஃபோலேட் குறைவைத் தேட வேண்டும். கொக்கிப்புழுவுக்கு நடு மூன்று மாதங்களில் ஒரு அல்பெண்டசோல் மாத்திரை வழக்கமாகவே கொடுக்கிறார்கள், அது போட்டாயிற்றா என்று கேட்க வேண்டும். மூல ரத்தப்போக்கு இருக்கிறதா, சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்பதும் முக்கியம். உடலில் தொற்று இருக்கும்போது ஹெப்சிடின் ஏறி, இரும்பு உள்ளே போகாமலும் சேமிப்பிலிருந்து வெளிவராமலும் மாட்டிக்கொள்ளும்.

சேமிப்பு இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனை செய்ய வசதி இருந்தால் நல்லது. கர்ப்பத்தில் 30-க்குக் கீழே என்றால் சேமிப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பிரிட்டிஷ் வழிகாட்டுதல் எடுத்துக்கொள்கிறது. ஆனால் தொற்றோ காய்ச்சலோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். எனவே குறைவாக வந்தால் நம்பலாம். சரியாக இருப்பதாக வந்தால் உடனே நம்பிவிடக் கூடாது.

எவ்வளவு ஊசி? எடையையும், ஏற்ற வேண்டிய ஹீமோகுளோபின் அளவையும், 2.4 என்ற எண்ணையும் பெருக்கி, சேமிப்புக்காக 500 கூட்டுவார்கள். நம் பெண்ணுக்கு 8.9-லிருந்து 11-க்குப் போக 2.1 வேண்டும். 50 × 2.1 × 2.4 = 252. அதோடு 500 சேர்த்தால் 752 மில்லிகிராம். எடை என்பது கர்ப்பத்துக்கு முந்தைய எடை. இப்போதைய எடையைப் போட்டால் குழந்தையும் பனிக்குட நீரும் கணக்கில் ஏறிவிடும்.

இரும்பு சுக்ரோஸ் என்றால் ஒரு தடவைக்கு 200 மில்லிகிராம், 100 மில்லிலிட்டர் சலைனில் கலந்து மெதுவாக ஏற்றுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரத்துக்கு 600-க்கு மேல் கூடாது. திங்கள், புதன், வெள்ளி, அடுத்த திங்கள் என்று நான்கு முறை வந்தால் 800. ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் என்ற மற்றொரு மருந்தை ஒரே அமர்வில் 1000 மில்லிகிராம் வரை, கால் மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். விலை கூடுதல். ஆனால் மலைக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வரும் பெண், நான்கு நாள் கூலியை விட்டுவிட்டு நான்கு முறை வருவாரா என்பதையும் கணக்கில் சேர்த்தால் எது மலிவு என்பது மாறிவிடும். மூன்றாவது முறைக்கு வராமல் நின்றுபோனவருக்கு ஏறியது 400 மட்டுமே.

நரம்பு வழி இரும்பு முதல் மூன்று மாதத்தில் கூடாது, காய்ச்சலும் தொற்றும் இருக்கும்போதும் கூடாது. ஏற்றும்போது முகம் சிவந்து நெஞ்சு இறுகுவதுபோல் சிலருக்கு வரும். நிறுத்தினால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ரத்த அழுத்தம் விழுந்து மூச்சு திணறும் கடுமையான ஒவ்வாமை மிக அரிது. ஆனால் வந்தால் சமாளிக்க ஆளும் மருந்தும் இருக்கும் இடத்தில்தான் ஏற்ற வேண்டும், முடிந்தபின் அரை மணி நேரம் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். ஊசி போட்ட இடத்தில் எரிந்தால் உடனே சொல்லுங்கள். மருந்து தோலுக்கடியில் கசிந்தால் பழுப்புக் கறை மாதக்கணக்கில் போகாது. ஊசி ஓடும் காலத்தில் இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். சிவப்பு மாத்திரையை நிறுத்தும்போது அதிலிருக்கும் ஃபோலிக் அமிலமும் நின்றுவிடும், அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படியெல்லாம் சொன்னதும் எல்லோருக்கும் ஊசியே போட்டுவிடலாமே என்று தோன்றும். இந்தியாவில் நான்கு மருத்துவமனைகளில் சுமார் 2000 கர்ப்பிணிகளிடம் மாத்திரையையும் இரும்பு சுக்ரோஸையும் ஒப்பிட்ட ஆய்வு 2019-இல் வெளிவந்தது. தாய்க்கு நேரும் சிக்கல்களை ஊசி குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை. இனி வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை என்று ஆய்வைப் பாதியில் முடித்துக்கொண்டார்கள். ஒரு ஆய்வில் மாத்திரை தரும்போது கண்காணிப்பும் சேர்ந்தே வரும் என்பதை மறக்க வேண்டாம். ஒழுங்காகப் போடப்பட்ட மாத்திரை ஊசிக்குப் பெரிதாகச் சளைத்ததல்ல என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஊசியின் பலம் வேகமும், மறதிக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் இடம் தராத தன்மையும்தான்.

ஊசி முடிந்த மறுவாரமே ரத்தம் பார்த்துவிட்டு ஏறவில்லையே என்று பதறுவது வழக்கமான தவறு. இரும்பு போய்ச் சேர்ந்தாலும் எலும்பு மஜ்ஜை அணுக்களைச் செய்து முடிக்க நாள் பிடிக்கும். ஏழு முதல் பத்து நாளில் புத்தணுக்களின் எண்ணிக்கை கூடும்; ரெட்டிகுலோசைட் என்ற அந்தச் சோதனைக்கு வசதி இருந்தால் முதல் நல்ல சேதி அதில்தான் வரும். களைப்பு குறைவதும் மூச்சிரைப்பு தணிவதும் ஹீமோகுளோபின் ஏறுவதற்கு முன்பே தெரியலாம், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவு கட்டக்கூடாது. ஹீமோகுளோபினை மூன்று நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் போதும். ஃபெரிட்டினை அதுவரை தொடவே வேண்டாம், ஏற்றிய மருந்தால் அது தாறுமாறாக உயர்ந்து நிற்கும்.

நம் பெண்ணுக்கு 34-ஆவது வாரத்தில் 10.7 வந்தால் அது நல்ல பதில். 1.8 கிராம் ஏற்றத்துக்குச் செலவானது 216 மில்லிகிராம். 800 ஏற்றினோமே, மீதி வீணா என்றால், இல்லை. குழந்தையின் பங்கும் தாயின் சேமிப்பும் அதிலிருந்துதான் நிரம்புகின்றன. இதற்கு மாறாக 34-ஆவது வாரத்திலும் 9.0 என்று நின்றால் இன்னொரு சுற்று ஊசி போடுவது தவறு. போட்ட இரும்பு உள்ளே போனது உறுதி, ஆகவே பிரச்சினை இரும்பில் இல்லை. ரத்தக் கசிவு, பி12, மரபணுக் கோளாறு, சிறுநீரகம், நாள்பட்ட தொற்று ஆகியவற்றைத் தேட மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் நேரம் அது.

கடைசி மூன்று மாதத்தில் 7-க்குக் கீழே இருப்பவரை மருத்துவமனையில் சேர்த்தே சிகிச்சை தருவார்கள். 5-க்குக் கீழே என்றால் எந்த மாதமானாலும் சேர்த்து, ரத்த அணுக்களையே ஏற்ற வேண்டியிருக்கும். ஒரு யூனிட் ரத்தம் ஏறக்குறைய 1 கிராமைச் சில மணி நேரத்தில் உயர்த்தும், ஆனால் அதோடு வரும் இரும்பு 200-250 மில்லிகிராம்தான். ரத்தம் ஏற்றியாகிவிட்டது என்று இரும்பை நிறுத்திவிட்டால் காலியான சேமிப்பு காலியாகவே இருக்கும்.

10.7-ஓடு பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு வழக்கமான ரத்த இழப்பைத் தாங்க இடம் உண்டு. குழந்தை பிறந்ததும் தொப்புள் கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்து இறுக்கினால், நஞ்சுக்கொடியில் இருக்கும் ரத்தம் குழந்தைக்குள் போய் அதன் முதல் மாதங்களுக்கான இரும்பைக் கூட்டும். தாய்க்குப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாள் தினம் ஒரு சிவப்பு மாத்திரை உண்டு. தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிவரும் நாளில் தாயின் விரலிலும் ஒரு குத்து குத்திப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த மாத்திரைகளை இன்னும் போடுகிறாரா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும்.